அத்தஹிய்யாத்: இருப்பில் சொல்லும் சாட்சி

நபிகள் நாயகத்தின் பின்னால் நின்று தொழுத தோழர்கள், தொடக்க காலத்தில், தொழுகையின் இருப்புக்கு வந்ததும் ஸலாம் சொல்வார்கள். முதலில் அல்லாஹ்வுக்கு ஸலாம், பிறகு ஜிப்ரீலுக்கு, மீக்காயீலுக்கு, பிறகு இன்னாருக்கு, இன்னாருக்கு என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். ஒருநாள் தொழுகை முடிந்ததும் நபிகள் நாயகம் அவர்கள் பக்கம் திரும்பி, அல்லாஹ்வுக்கு ஸலாம் சொல்லாதீர்கள் என்று தடுத்தார். ஸலாம் என்பதே அவனுடைய பெயர். ஸலாம் சொல்வதென்றால் அமைதியும் பாதுகாப்பும் கிடைக்கட்டும் என்று வேண்டுவது. அவற்றை எல்லோருக்கும் கொடுப்பவனுக்கு யார் எதை வேண்டித் தர முடியும்? இனி இப்படிச் சொல்லுங்கள் என்று அவர் கற்றுக்கொடுத்த வாசகம்தான், உலகெங்கும் முஸ்லிம்கள் ஒவ்வொரு தொழுகையிலும் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத். அரபு நூல்களில் இதன் பெயர் தஷஹ்ஹுத், அதாவது சாட்சி சொல்லுதல்.

இந்த நிகழ்ச்சியை அறிவித்தவர் அப்துல்லாஹ் இப்னு மஸ்வூத். புகாரீ, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இது இருக்கிறது. தன் கையை நபியவர்கள் தம் இரு கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, குர்ஆன் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோல் சொல்லுக்குச் சொல் கற்றுத் தந்தார் என்கிறார் அவர். யாருக்கு எதைச் சொல்வது என்பதில் தோழர்கள் தடுமாறியதால் வந்த பாடம் இது. அதை மனத்தில் வைத்துப் படித்தால் அத்தஹிய்யாத்தின் அமைப்பு தெளிவாகப் புரியும்.

நான்கு படிகள்

முதல் படி இறைவனுக்கு உரியது. 'அத்தஹிய்யாத்து லில்லாஹி வஸ்ஸலவாத்து வத்தய்யிபாத்து.' காணிக்கையான வணக்கங்கள் எல்லாம், தொழுகைகள் எல்லாம், நல்லவை எல்லாம் அல்லாஹ்வுக்கே. இதில் அவனுக்கு எதையும் வேண்டவில்லை. அவனுக்கு உரியது அவனுடையதே என்று ஒப்புக்கொள்வதோடு வாசகம் நின்றுவிடுகிறது.

இரண்டாவது படி நபிக்கு. 'அஸ்ஸலாமு அலைக்க அய்யுஹன் நபிய்யு வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.' நபியே, உங்கள் மீது அமைதியும் அல்லாஹ்வின் அருளும் அவனுடைய பரக்கத்துகளும் உண்டாகட்டும். நபி மனிதர், ஆகவே அவருக்கு ஸலாம் தேவை, அதைச் சொல்லலாம்.

மூன்றாவது, சொல்பவருக்கும் மற்றவர்களுக்கும். 'அஸ்ஸலாமு அலைனா வஅலா இபாதில்லாஹிஸ் ஸாலிஹீன்.' எங்கள் மீதும் அல்லாஹ்வின் நல்லடியார்கள் எல்லோர் மீதும் ஸலாம். முன்பு தோழர்கள் ஒவ்வொரு பெயராக அடுக்கியதற்கு மாற்று இதுதான். இதைச் சொன்னால் வானத்திலும் பூமியிலும் உள்ள நல்லடியார் ஒவ்வொருவருக்கும் அது போய்ச் சேரும் என்று நபியவர்கள் விளக்கம் தந்ததையும் இப்னு மஸ்வூத் சொல்கிறார். ஜிப்ரீலும் அதில் அடக்கம், பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்தவரும் அடக்கம்.

நான்காவதாகத்தான் சாட்சி வருகிறது. வணக்கத்திற்குரியவன் அல்லாஹ்வைத் தவிர யாருமில்லை என்றும், முஹம்மது அவனுடைய அடியாரும் தூதருமாவார் என்றும் சாட்சி சொல்கிறேன். இரண்டாம் படியில் வாழ்த்துப் பெற்ற அதே நபி, இங்கே முதலில் 'அடியார்' என்றும் பிறகுதான் 'தூதர்' என்றும் சொல்லப்படுகிறார்.

மிஃராஜ் இரவில் நபிக்கும் இறைவனுக்கும் நடந்த உரையாடல்தான் அத்தஹிய்யாத், முதல் வரி நபி சொன்னது, அடுத்த வரி இறைவன் தந்த பதில் என்று பயான்களில் கேட்டிருப்போம். கேட்க அழகான கதைதான். ஆனால் அதற்கு உறுதியான அறிவிப்புத் தொடர் இல்லை. நம்பகமான தொகுப்புகள் சொல்வது, மேலே கண்ட, தோழர்களைத் திருத்திய நிகழ்ச்சியைத்தான்.

இன்னொரு கேள்வியும் பழமையானது. நபியவர்கள் மறைந்த பிறகும் 'உங்கள் மீது' என்று முன்னிலையில் அழைப்பது எப்படி? அவர் மறைவுக்குப் பின் 'நபியின் மீது ஸலாம்' என்று படர்க்கையில் சொன்னோம் என்று இப்னு மஸ்வூத் வழியாகவே ஓர் அறிவிப்பு புகாரீயில் உண்டு. ஆனால் கலீஃபா உமர், நபியவர்கள் மறைந்து சில ஆண்டுகள் கழித்து மிம்பரில் நின்று மக்களுக்கு அத்தஹிய்யாத் கற்றுக்கொடுத்தபோது, முன்னிலையிலேயே சொல்லிக்கொடுத்தார். இமாம் மாலிக்கின் முவத்தாவில் அது பதிவாகியிருக்கிறது. நான்கு மத்ஹபுகளும் அந்த வழக்கத்தையே கொண்டன.

ஹனஃபியும் ஷாஃபியும்

தமிழ் முஸ்லிம்களிடம் இரண்டு வாசகங்கள் புழங்குகின்றன. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் ஓதுவது மேலே சொன்ன இப்னு மஸ்வூதின் அறிவிப்பு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வேரூன்றிய ஷாஃபி மத்ஹபில், இப்னு அப்பாஸ் அறிவித்த வாசகம் ஓதப்படுகிறது. அது 'அத்தஹிய்யாத்துல் முபாரக்காத்துஸ் ஸலவாத்துத் தய்யிபாத்து லில்லாஹ்' என்று தொடங்கும். பரக்கத் நிறைந்தவை என்னும் ஒரு சொல் கூடுதல், 'அல்லாஹ்வுக்கே' என்பது வரியின் கடைசியில். சாட்சியில் 'அவனுடைய அடியாரும் தூதரும்' என்பதற்குப் பதில் 'அல்லாஹ்வின் தூதர்' என்று முடியும். மாலிக்கி மத்ஹபினர் உமர் மிம்பரில் கற்பித்ததை எடுத்துக்கொண்டார்கள். நபியவர்கள் வெவ்வேறு தோழர்களுக்குக் கற்றுத்தந்த வாசகங்களில் இப்படிச் சிறு வேறுபாடுகள் இருந்தன. எதை ஓதினாலும் தொழுகை கூடும் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இல்லை. எது சிறந்தது என்பதில் மட்டுமே பேச்சு.

சாட்சி சொல்லும்போது வலது கையின் ஆட்காட்டி விரல் உயர்கிறது. இறைவன் ஒருவன் என்பதற்கான சைகை அது. ஹனஃபிகள் 'லா' என்ற மறுப்புச் சொல்லில் விரலை உயர்த்தி, 'இல்லல்லாஹ்' என்ற உறுதிச் சொல்லில் தாழ்த்துவார்கள். ஷாஃபிகள் 'இல்லல்லாஹ்' என்னும்போது உயர்த்தி அப்படியே வைத்திருப்பார்கள். விரலை அசைத்ததாக வாயில் இப்னு ஹுஜ்ர் வழியாக வரும் அறிவிப்பை ஏற்பவர்கள் அசைத்துக்கொண்டிருப்பார்கள். இதற்காகத் தமிழகத்துப் பள்ளிவாசல்களில் வாக்குவாதம் நடந்த காலமும் உண்டு.

நபிக்காக இறைவனிடம்

கடைசி இருப்பில் சாட்சியோடு நிற்பதில்லை. அடுத்து ஸலவாத்து வருகிறது. குர்ஆனின் 33-ஆம் அத்தியாயம் 56-ஆம் வசனம், நபியின் மீது ஸலவாத்தும் ஸலாமும் சொல்லுமாறு நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. ஸலாம் சொல்லும் முறை தோழர்களுக்குத் தெரியும், அது அத்தஹிய்யாத்தில் இருக்கிறது. உங்கள் மீது ஸலவாத்து சொல்வது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். கஅப் இப்னு உஜ்ரா வழியாக வரும் அறிவிப்பின்படி, நபியவர்கள் தந்த பதில் இப்ராஹீமிய ஸலவாத்து எனப்படும் வாசகம்: 'அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மதின் வஅலா ஆலி முஹம்மதின், கமா ஸல்லைத்த அலா இப்ராஹீம வஅலா ஆலி இப்ராஹீம...'

இறைவா, இப்ராஹீமுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஸலாத் புரிந்ததுபோல் முஹம்மதுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் புரிவாயாக என்பது பொருள். அடுத்த பாதியில் இதே அமைப்பில் பரக்கத் கேட்கப்படுகிறது. இரண்டு பாதிகளும் 'நீ புகழுக்குரியவன், மகத்துவமிக்கவன்' என்று முடிகின்றன.

ஸலவாத்து சொல்லுங்கள் என்று கட்டளை வந்தது மனிதர்களுக்கு. அதற்குக் கற்றுத்தரப்பட்ட பதிலோ, 'இறைவா, நீ செய்' என்கிறது. நபிக்கு உரிய சிறப்பைக் கொடுக்கும் சக்தி சொல்பவரிடம் இல்லை, கேட்க மட்டுமே முடியும். இறைவன் நபி மீது ஸலாத் புரிவதென்றால் வானவர்களிடையே அவரைப் புகழ்ந்துரைப்பது என்று தாபிஈன்களில் ஒருவரான அபுல் ஆலியா விளக்கியதாக புகாரீ எழுதுகிறார். அல்லாஹ்வுக்கு ஸலாம் வேண்டாதீர்கள் என்ற பாடத்தின் மறுபாதி இங்கே இருக்கிறது: நபிக்கு வேண்டியதையும் அவனிடமே கேளுங்கள்.

முஹம்மது நபிக்குக் கேட்கும்போது இப்ராஹீமின் பெயர் எதற்கு? ஒன்றை இன்னொன்றுபோல் என்றால் முன்னது பெரியது என்றாகிவிடாதா என்று உரையாசிரியர்கள் நீளமாக விவாதித்திருக்கிறார்கள். இப்ராஹீமின் குடும்பம் என்பதில் பல நபிமார்களோடு, இஸ்மாயீல் வழிவந்த முஹம்மது நபியும் அடங்குவார், ஆகவே கேட்கப்படுவது மிகப் பெரியது என்பது ஒரு விளக்கம். அந்தக் குடும்பத்துக்கு முன்பே கொடுத்தவன் நீ, அதேபோல் இதற்கும் கொடு என்று முன் கொடையைச் சொல்லிக் கேட்கும் முறை இது என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் விளக்கத்துக்குக் குர்ஆனிலேயே துணை இருக்கிறது. 11-ஆம் அத்தியாயத்தில் முதிய வயதில் பிள்ளை பிறக்கும் என்ற செய்தியைக் கேட்டு இப்ராஹீமின் மனைவி வியக்கிறார். வந்த வானவர்கள் அல்லாஹ்வின் அருளும் பரக்கத்துகளும் அந்த வீட்டார் மீது இருப்பதாகச் சொல்லி, அவன் ஹமீத், மஜீத் என்று முடிக்கிறார்கள். ஸலவாத்தும் ஒரு வீட்டாருக்காகக் கேட்டு, அதே இரண்டு பெயர்களில் முடிகிறது.

முதல் இருப்பு, கடைசி இருப்பு

சுப்ஹு தொழுகைக்கு ஒரே இருப்பு. மூன்று, நான்கு ரக்அத் தொழுகைகளில் இரண்டாம் ரக்அத்துக்குப் பின் ஓர் இருப்பு, முடிவில் ஓர் இருப்பு. முதல் இருப்பில் ஹனஃபிகள் சாட்சியோடு எழுந்துவிட வேண்டும். மறதியாக ஸலவாத்தைத் தொடர்ந்தால் மறதிக்கான ஸஜ்தா கடமையாகும். ஷாஃபிகளோ அங்கேயும் நபி மீது சுருக்கமாக ஸலவாத்து சொல்வது சுன்னத் என்கிறார்கள். கடைசி இருப்பில் நபி மீதான ஸலவாத்து ஷாஃபிகளுக்கு ருக்ன், விட்டால் தொழுகையே கூடாது. ஹனஃபிகளுக்கு அது சுன்னத், விட்டாலும் தொழுகை கூடிவிடும்.

முதல் இருப்பையே மறந்து எழுந்துவிட்டால்? நபியவர்களுக்கே லுஹர் தொழுகையில் அப்படி நேர்ந்ததை அப்துல்லாஹ் இப்னு புஹைனா அறிவிக்கிறார். நபியவர்கள் தொடர்ந்து தொழுது, முடிவில் ஸலாம் கொடுப்பதற்கு முன் இரண்டு ஸஜ்தாக்கள் செய்தார். முழுமையாக நிமிர்ந்து நின்றுவிட்டவர் திரும்ப உட்காராமல், முடிவில் ஸஜ்தாவால் ஈடுசெய்வது இதிலிருந்து வந்த சட்டம். கடைசி இருப்புக்கு இந்தச் சலுகை கிடையாது.

மத்ரஸாப் பிள்ளைகளிடம் ஒரு விடுகதை உண்டு. மூன்று ரக்அத் மஃரிபில் ஒருவர் நான்கு முறை அத்தஹிய்யாத் ஓதினார், எப்படி? அவர் பள்ளிக்குள் நுழைந்தபோது இமாம் இரண்டாம் ரக்அத்தின் ருகூவிலிருந்து நிமிர்ந்துவிட்டார். ருகூவு கிடைக்காததால் அந்த ரக்அத் இவர் கணக்கில் சேராது. ஆனாலும் இமாமோடு முதல் இருப்பில் உட்கார வேண்டும், அது ஒன்று. இமாமின் மூன்றாம் ரக்அத் இவருக்கு முதலாவது. இமாமின் கடைசி இருப்பில் இவரும் உட்காருவார், அது இரண்டு. இமாம் ஸலாம் கொடுத்ததும் எழுந்து ஒரு ரக்அத் தொழுதால் இவருக்கு இரண்டு ஆகிறது, ஆகவே உட்காருவார், அது மூன்று. கடைசி ரக்அத்தை முடித்து உட்காருவது நான்காவது. நான்கில் இந்தக் கடைசி ஒன்றுதான் இவருடைய சொந்தக் கடைசி இருப்பு. ஸலவாத்தும், நரகம், கப்று வேதனை, வாழ்வு மரணச் சோதனை, தஜ்ஜாலின் குழப்பம் ஆகியவற்றிலிருந்து காவல் தேடும் துஆவும் ஓதி, ஸலாம் கொடுத்து அவர் முடிப்பது அங்கேதான்.