நான்கு நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள் 20 பேருக்கு ஓஆர்எஸ் கரைசல் பற்றி அரை நாள் பயிற்சி நடப்பதாக வைத்துக்கொள்வோம். முடிவில் தரும் படிவம், "பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?" என்று கேட்கிறது. எல்லோரும் 'மிக நன்று' என்று குறிப்பார்கள். ஆனால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளர் தண்ணீரில் கரைக்கக் கூடாது என்பது எத்தனை பேருக்குப் புரிந்தது? அப்படிக் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து.

1959இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார். மனநிறைவு முதல் படி, கற்றல் இரண்டாவது. பெரும்பாலான படிவங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டாம் படிக்கு ஒரு சூழலைக் கேள்வியாக்க வேண்டும்: "வீட்டில் டம்ளர் மட்டுமே இருக்கிறது. தாய் பாக்கெட்டைப் பிரிக்கிறார். என்ன சொல்வீர்கள்?" தவறான விடைகளை மக்கள் உண்மையில் செய்யும் பிழைகளிலிருந்து எடுக்க வேண்டும், 'பாதியை ஒரு டம்ளரில் கரைக்கலாம்' என்பது அப்படி ஒன்று. 'தெரியாது' என்ற விடையும் அவசியம். இல்லாவிட்டால் ஊகம் அறிவாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதே கேள்வியைப் பயிற்சிக்கு முன்பும் கேட்க வேண்டும். பெயருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தால் இரு தாள்களையும் இணைத்துப் பார்க்கலாம். முன்பு 8 பேர் சரி, பின்பு அவர்களையும் சேர்த்து 17 பேர் சரி என்றால், தெரியாதிருந்த 12 பேரில் 9 பேர் கற்றிருக்கிறார்கள். முன்பே 18 பேர் சரியாகச் சொன்ன கேள்வி கற்றலை அளக்க உதவாது, அதை நீக்கிவிடலாம்.

தாளில் சரியாக எழுதியவர் வீட்டில் சரியாகக் கலக்குகிறாரா என்பதை ஒரு மாதம் கழித்து நேரில்தான் பார்க்க முடியும்.