கடித்த கட்லெட்டும் சாஸின் பளபளப்பும்

வீட்டிலேயே சமைத்து விற்கும் அக்கா ஒருவர் கைபேசியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். புள்ளி புள்ளியாக மெருகிட்ட பீங்கான் தட்டில் மூன்று கட்லெட், பக்கத்தில் தக்காளி சாஸ். "தம்பி, இந்த ஒண்ணுதான் நல்லா வந்திருக்கு. அதுக்குள்ள சின்னவன் ஒரு கட்லெட்டைக் கடிச்சு வச்சுட்டான். சரி பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார். கடித்த இடம் போக, தட்டெல்லாம் தூள். விளிம்பில் சாஸ் சொட்டி இழுபட்ட தடம் வேறு.

இந்த மாதிரிப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை. இதில் இடப்பக்க ஜன்னல். சாஸின் மேல் வெள்ளைக் கீற்றாகத் தெரிவது அந்த ஜன்னலேதான். கட்லெட்டின் நிழல்கள் எல்லாம் வலப்பக்கம் விழுகின்றன. அழிப்பதும் ஒட்டுவதும் இந்தத் திசைக்கு உட்பட்டே நடக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் அசல் படத்தைத் தொடாமல், அதன் மேல் காலி லேயர் ஒன்றைப் போட்டு, Sample என்ற இடத்தில் Current & Below வைத்துக்கொண்டேன். தூளுக்கு, Sample All Layers-ஐ டிக் செய்த Spot Healing Brush போதும். பிரஷ் தூளைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் சரி. ஆனால் ஒவ்வொரு தூளுக்கும் ஒரு குட்டி நிழல் உண்டு. தூளை மட்டும் எடுத்துவிட்டு நிழலை விட்டால் தட்டில் அழுக்குப் புள்ளி நிற்கும். இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

சாஸ் தடம் அவ்வளவு சுலபமில்லை. 2002-இல் ஃபோட்டோஷாப் 7-உடன் வந்த Healing Brush, எடுத்த இடத்தின் சொரசொரப்பைக் கொண்டுவந்து வைக்கும். நிறத்தையும் வெளிச்சத்தையும் வைக்கும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வெறும் தட்டின் மேல் இது வரப்பிரசாதம். சாஸுக்கு அருகில் போனாலோ அதன் சிவப்பையும் இழுத்துவந்து தட்டில் இளஞ்சிவப்பாகத் தீற்றிவிடும். அதனால் சாஸின் எல்லையை ஒட்டி Lasso-வால் கோடிட்டு, தட்டுப் பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்த பிறகே பிரஷை வைத்தேன். கோட்டுக்கு அப்பாலுள்ள நிறம் உள்ளே கசியாது. எடுக்கும் இடத்தையும் கண்டபடி தேர்வு செய்யக்கூடாது. தட்டு விளிம்பு வளைந்து ஏறுகிறது, அதன் வெளிச்சமும் வட்டமாகவே மாறுகிறது. ஆகவே விளிம்பிலிருந்து அதே தூரத்தில், சற்றுத் தள்ளியுள்ள இடத்தை எடுக்க வேண்டும். புள்ளிபோட்ட தட்டு என்பதால் ஒரே இடத்திலிருந்து இருமுறை எடுத்தால் ஒரே மூன்று புள்ளிக் கூட்டம் இரண்டு இடத்தில் தெரியும். பார்ப்பவர் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

கடித்த கட்லெட்டை மூட, முழுக் கட்லெட்டின் ஓரத்தை Lasso-வால் சுற்றி, Ctrl+J கொடுத்துத் தனி லேயராக்கி, Ctrl+T-யால் கொஞ்சம் திருப்பிப் பொருத்தினேன். இடவலமாகப் புரட்டிப் போட்டுவிடலாம் என்று ஆசை வரும். அப்படிச் செய்தால் வெளிச்சம் பட்ட மேடு வலப்பக்கம் போய்விடும். ஒரே தட்டில் இரண்டு ஜன்னல் இருப்பதுபோல் ஆகும். இணைப்பை மாஸ்க் போட்டு, பொரித்த ரஸ்க் தூளின் மேடுபள்ளத்தை ஒட்டி வளைந்து வளைந்து மறைத்தேன். நேர்கோடாக மறைத்தால் தையல்போலத் தெரியும். கடித்த இடத்தில் தட்டில் விழாமல் போன நிழலை, Multiply லேயரில் மென்மையான பிரஷால் வரைந்து சேர்த்தேன்.

கடைசியாகப் பளபளப்பு. ஒரு தூள் சாஸின் வெள்ளைக் கீற்றின் மேலேயே விழுந்திருந்தது. அங்கே Healing Brush வைத்தால் வெள்ளையும் சிவப்பும் கலந்து மங்கிவிடும், சாஸ் காய்ந்துபோனதாகத் தெரியும். Clone Stamp கலக்காமல் அப்படியே நகலெடுக்கும் என்பதால், கீற்றின் ஓரத்தை அதே கீற்றின் நீளவாக்கில் எடுத்துச் சின்ன பிரஷால் தொடர்ந்தேன். கீற்றின் நடுதான் வெள்ளை; ஓரத்தில் சாஸின் சிவப்பு ஏறியிருக்கும். அந்த ஓரத்தை இழந்தால் வெள்ளை பெயின்ட் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

முடித்ததும் மேலே Curves லேயர் ஒன்றைப் போட்டுக் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கடுமையாக ஏற்றிப் பார்த்தேன். சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத தீற்றல் இரண்டு, தட்டின் விளிம்பில் வழவழவென்று தெரிந்தன. அவற்றை மறுபடி சரிசெய்து, அந்த லேயரை நீக்கிவிட்டு அனுப்பினேன்.

இது முடிந்ததற்குக் காரணம், அதே வெளிச்சத்தில் அதே தட்டில் முழுக் கட்லெட் இரண்டு இருந்ததுதான். ஒரே ஒரு கட்லெட் இருந்து அதைப் பாதி கடித்திருந்தாலோ, கடி சாஸுக்குள் இறங்கியிருந்தாலோ, என் பதில் ஒன்றுதான்: இன்னொன்று பொரித்துப் புதிதாகப் படம் எடுங்கள்.