அறிவியல் வகுப்பில் வாசிப்புத் தேர்வு எதற்கு?

ஐந்தாம் வகுப்பு, 40 நிமிடப் பாடவேளை, பாடம் நீர்ச் சுழற்சி. திட்டம் எழுதும்போதே ஆசிரியர் கேட்டுக்கொள்ள வேண்டியது: இன்று பிள்ளைகள் கற்க வேண்டியது ஆவியாதலையா, வாசிப்பையா? ஆவியாதல்தான் என்றால், டிஸ்லெக்சியா உள்ள பையனை எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்வதில் பொருளே இல்லை. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள்: ஒலியில் பின்னால் வரும் உயிரின் குறி, எழுத்தில் இருபுறமும் நிற்கிறது. இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தறிவதிலேயே அவன் கவனமெல்லாம் செலவாகிவிடும். மழை எப்படி வந்தது என்பது மனதில் தங்காது.

ஆகவே பத்தியை ஆசிரியரே வாசிக்கிறார். வெந்நீர்ப் பாத்திரத்தைத் தட்டால் மூடி, தட்டின் அடியில் திரளும் துளிகளைக் காட்டுகிறார். பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்வி: இந்தத் துளி எங்கிருந்து வந்தது? சரளமாக எழுதுபவர்கள் ஒரு பத்தி எழுதலாம். சிலருக்கு வாக்கியத்தின் தொடக்கத்தைக் கொடுத்தால் முடித்துவிடுவார்கள். அவன் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, வாயால் விளக்கலாம்.

அவனுக்கு மட்டும் சுலபமான கேள்வி கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தடுமாறுவது வாசிப்பு, யோசனை அல்ல. “தட்டின்மேல் ஐஸ் வைத்தால் என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். துளி கூடும் என்று காரணத்தோடு சொன்னால் பாடம் புரிந்துவிட்டது. ‘ஆவியாதல், குளிர்தல்’ என்று பெயர்களை மட்டும் ஒப்பித்தால் நாளைக்கும் பாத்திரம் தேவைப்படும்.