இரண்டாவது ஷிப்டும் மாலை நேர பி.இ. வகுப்பும்

கோவையில் டிப்ளமோ முடித்து இன்ஜினியரிங் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களில் பலருடைய கனவு, பகுதி நேர பி.இ. அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. போன்ற கல்லூரிகள் இதை மாலையில் நடத்தி வந்திருக்கின்றன. மொத்தம் ஏழு செமஸ்டர், மூன்றரை ஆண்டு. சீட் கிடைத்ததும் பெரும்பாலானோர் நேராக மேனேஜரிடம் போய், "சார், எனக்கு இனிமே காலை ஷிப்டே போட்டுக் கொடுங்க" என்று கேட்டுவிடுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது.

மேனேஜர் பக்கமிருந்து பாருங்கள். காலை ஷிப்ட் எல்லாருக்கும் பிடித்தது. மதியம் 2 மணிக்கு வீட்டுக்குப் போகலாம், இரவுத் தூக்கம் கெடாது. ஒருவருக்கு அதை மூன்றரை வருடத்துக்கு எழுதிக் கொடுத்தால் மறுநாளே பத்துப் பேர் வந்து நிற்பார்கள். "எல்லாரும் கேட்டா நான் என்னப்பா பண்றது?" என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. படிக்கிறவருக்கு இன்ன ஷிப்டுதான் தர வேண்டும் என்று நிர்வாகத்தைப் பொதுவாகக் கட்டாயப்படுத்தும் சட்டமும் கிடையாது. ஆகவே, நமக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று முதலில் கணக்குப் போட வேண்டும்.

சி.என்.சி. மெஷின் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஒன்றாக மாறி வருகிறது. வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 முதல் 9. காலை ஷிப்டில் சிக்கலே இல்லை. இரவு ஷிப்டில் உடம்பு வலிக்கும், ஆனாலும் வகுப்பு முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். முட்டுவது இரண்டாவது ஷிப்ட் மட்டும்தான்.

செமஸ்டருக்கு 15 வாரம் வகுப்பு என்றால் 75 நாள். அதில் ஐந்து வாரம் இரண்டாவது ஷிப்ட் வரும், 25 நாள் போய்விடும். வருகைப் பதிவு 67 சதவீதத்துக்குக் கீழே நிற்கும். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. அந்த ஐந்தில் இரண்டு வாரம் காலை ஷிப்டுக்கு மாறினால் போதும், வருகை 80 சதவீதம் ஆகிவிடும். காய்ச்சல், கல்யாணம் என்று மூன்று நாள் தவறவும் இடம் இருக்கும். ஐந்தும் மாறினால் பாடம் ஒன்றும் விட்டுப்போகாது. ஐந்தைக் கேளுங்கள், முடியாதென்றால் இரண்டுக்கு இறங்கி வாருங்கள்.

அடுத்தது, அந்த வாரங்களில் நம் இடத்தில் நிற்கப்போவது யார்? இதற்குப் பதில் இல்லாமல் மேனேஜர் அறைக்குள் போகவே கூடாது. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டியவர் என இரண்டாவது ஷிப்டை விரும்புகிறவர் எந்தக் கம்பெனியிலும் ஒருவராவது இருப்பார். ஆனால் அவர் அதே மெஷினை ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். செட்டிங் போடும் ஆளுக்குப் பதிலாக ஓட்ட மட்டும் தெரிந்தவரை நிறுத்தினால், டூல் உடைந்த அன்றே இந்த ஏற்பாடும் உடைந்துவிடும். பேசி முடித்ததும் முதலில் ஷிப்ட் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். சார்ட் போடுகிறவர் அவர். அவரைத் தாண்டிப் போனால், மேனேஜர் சரி என்ற பிறகும் வாராவாரம் தகராறுதான்.

கடிதம் ஒரு பக்கம் போதும். குடும்பக் கஷ்டம், லட்சியம் எல்லாம் அதில் வேண்டாம். இப்படி இருந்தால் நல்லது:

"ஐயா, எனக்குப் பகுதி நேர பி.இ. சேர்க்கை கிடைத்துள்ளது. சேர்க்கைக் கடிதமும் வகுப்பு நேர அட்டவணையும் இணைத்துள்ளேன். இந்த செமஸ்டர் முடியும் வரை, எனக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் ஐந்து வாரங்களில் மட்டும் காலை ஷிப்ட் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த வாரங்களில் காலை ஷிப்டில் உள்ள, அதே மெஷினில் பணிபுரியும் சக ஊழியர் மாறிக்கொள்ளச் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டுள்ளார். இரவு ஷிப்டுக்கு வழக்கம்போல் வருவேன். செமஸ்டர் முடிவில் மறுபரிசீலனை செய்துகொள்ளலாம்."

முடிவுத் தேதி இருப்பதால் மேனேஜருக்குத் தலையாட்டுவது எளிது. பிடிக்காவிட்டால் சில மாதத்தில் நிறுத்திவிடலாம் அல்லவா?

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. மதியம் 2 மணிக்கு மாற்று ஆள் வராவிட்டால், காலை ஷிப்டில் நிற்பவரையே டபுள் டூட்டி பார்க்கச் சொல்வார்கள். இரவு 10 வரை மெஷின் முன்னால்தான். மாதத்தில் நான்கைந்து நாள் இப்படி நடந்தால் போட்ட கணக்கெல்லாம் வீண். ஆகையால் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: "அவசரம்னா நாலரை வரைக்கும் நிக்கிறேன் சார், அதுக்கு மேல வகுப்பு இருக்கு." இரண்டரை மணி நேரத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட முடியும் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சம்மதத்தை வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். மேனேஜர் மாறுதலாகிப் போனால் புதியவருக்கு எதுவும் தெரியாது. கடிதத்தின் நகலில் அவருடைய கையெழுத்தும் தேதியும் வாங்கி, ஒன்றை மனிதவளப் பிரிவில் கொடுத்து, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த செமஸ்டர் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே, புதிய அட்டவணையோடு மறுபடி போய்க் கேளுங்கள்.