ஆறு டியூபா, பதினெட்டு டியூபா?

மழைக்காலம் நெருங்கும்போது ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை சிலிக்கான் வைத்து அடைக்கச் சொல்வோம். எத்தனை டியூப் வாங்கவேண்டும் என்று கேட்டால், "ஒரு பத்து வாங்கி வையுங்க சார், மிஞ்சினா பார்த்துக்கலாம்" என்பார் வேலைக்காரர். கணக்கு அவ்வளவு கடினமில்லை. இடுக்கின் அகலத்தையும் ஆழத்தையும் மில்லிமீட்டரில் அளந்து பெருக்கினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் பசை வேண்டும் என்பது நேராகவே வந்துவிடும். ஒரு மி.மீ. அகலம், ஒரு மி.மீ. ஆழம், ஒரு மீட்டர் நீளம் கொண்ட இடத்தின் கொள்ளளவு சரியாக ஒரு மி.லி. என்பதுதான் காரணம்.

கொத்தனாரும் தச்சரும் அங்குலத்திலும் நூலிலும் பேசுவார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால் ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்குச் சற்று மேல். அவர்கள் "இரண்டரை நூல் இடுக்கு" என்றால் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்கடிக்கு நான்கடி ஜன்னல்கள் ஆறு இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜன்னலின் சுற்றளவு ஏறத்தாழ 4.8 மீட்டர், ஆறுக்கும் சேர்த்து 28.8 மீட்டர். இடுக்கின் அகலம் 8 மி.மீ. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே குச்சியை விட்டுப் பார்த்தால் 20 மி.மீ. உள்ளே போகிறது. எட்டை இருபதால் பெருக்கினால் மீட்டருக்கு 160 மி.லி. மொத்தம் 4,608 மி.லி. சேதாரத்துக்கு 15 சதவீதம் சேர்த்தால் 5,300 மி.லி.க்கு ஒரு மயிரிழை குறைவு. 300 மி.லி. டியூப் என்றால் பதினெட்டு வாங்கவேண்டும்!

இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. இடுக்கு எவ்வளவு ஆழமோ அவ்வளவும் பசையை நிரப்ப வேண்டியதில்லை, நிரப்பவும் கூடாது. இந்த அகலத்துக்கு 6 மி.மீ. ஆழம் போதும். மீதி இடத்தில் பேக்கர் ராட் எனப்படும் கயிறு போன்ற நுரைத்தண்டை அழுத்தி வைக்கிறார்கள். அது இடுக்கைவிடக் கால்பங்கு பருமனாக இருந்தால்தான் இறுக்கமாக நிற்கும். ஆகவே 8 மி.மீ. இடுக்குக்கு 10 மி.மீ. தண்டு. அதைக் கூரான திருப்புளியால் குத்தித் தள்ளக்கூடாது. நுரை கிழிந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி, ஈரப் பசையில் குமிழ் கிளப்பும்.

தண்டு செலவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. வெயிலில் அலுமினியச் சட்டம் விரியும், இரவில் சுருங்கும்; பசை சட்டத்தையும் சுவரையும் மட்டும் பிடித்திருந்தால் ரப்பர்போல இழுபட்டுத் திரும்பும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லாமல் நடுவிலோ ஓரத்திலோ கிழியும். பசை ஒட்டாத நுரைத்தண்டு அந்தப் பின்பக்கத்தை விடுவித்து வைக்கிறது. பதினெட்டு டியூபைக் கொட்டி நிரப்பிய இடுக்கு அடுத்த மழைக்கே ஒழுகுவது இதனால்தான்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். எட்டை ஆறால் பெருக்க 48, 28.8 மீட்டருக்கு 1,382 மி.லி. சேதாரத்தோடு 1,590. ஐந்து டியூப் போதாது, ஆறு வேண்டும். மூக்கில் தங்குவதும், டேப்பின் மேல் வழிந்து வழிக்கப்படுவதும், மதியச் சாப்பாட்டுக்குள் மூக்கிலேயே காய்ந்துபோவதும் அந்த 15 சதவீதத்தில் அடக்கம். கைபழகாதவர் என்றால் 20 வைப்பது நல்லது.

அகலம் எங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு ஜன்னலுக்கு நான்கு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். பசையின் அளவுக்கு அது போதும். தண்டை மட்டும் அகலமான இடத்துக்கு ஏற்ற பருமனில் வாங்க வேண்டும். சமையல்மேடையும் சுவரும் சேரும் மூலையில் முக்கோணமாக வைக்கும் பட்டைக்கு, இரு பக்க அளவுகளையும் பெருக்கிப் பாதி எடுத்தால் சரி.

கடையில் டியூபின் முதுகைப் படித்துவிட்டு வாங்குங்கள். 280, 300, 310 மி.லி. என்று பல அளவில் வருகின்றன. சில அக்ரிலிக் வகைகளில் எடை மட்டும் கிராமில் அச்சிட்டிருக்கும். அவை தண்ணீரைவிடக் கனமானவை, அடர்த்தி 1.5 என்றால் 450 கிராம் டியூபில் இருப்பது 300 மி.லி.தான்.

வேலை தொடங்கிய பிறகும் ஒரு சோதனை உண்டு. முதல் டியூப் காலியானதும் எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். நம் கணக்குப்படி சேதாரம் போக ஒரு டியூப் ஐந்தரை மீட்டரைத் தொட வேண்டும். அதாவது ஒரு ஜன்னல் முடிந்து அடுத்ததில் கொஞ்சம். மூன்று மீட்டரிலேயே தீர்ந்தால், தண்டு 11 மி.மீ. ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். இரண்டாவது டியூபை வெட்டுமுன் தண்டை மேலே இழுத்து வைக்கச் சொல்லலாம்.