சிஸ் சிஸ்ஸாகவே, டிரான்ஸ் டிரான்ஸாகவே

ஆல்கீனின் இரட்டைப் பிணைப்பின் மேல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றி, அதை மூன்று அணுக்கள் கொண்ட எப்பாக்சைடு வளையமாக்கும் வினையை 1909-இல் ரஷ்ய வேதியியலாளர் நிக்கோலாய் பிரிலெஷாயேவ் வெளியிட்டார். ஆக்சிஜனைத் தருவது பெராக்சி அமிலம். ஆய்வகங்களில் பெரும்பாலும் மெட்டா குளோரோபெராக்சிபென்சாயிக் அமிலம் என்ற வெண்தூளே பயன்படுகிறது. முழுத் தூய்மையில் வெடிக்கக் கூடியது என்பதால், நீரும் குளோரோபென்சாயிக் அமிலமும் கலந்த நிலையிலேயே அது விற்கப்படுகிறது.

இரட்டைப் பிணைப்பும் அதைச் சுற்றியுள்ள அணுக்களும் ஒரே தளத்தில் அமைந்தவை. பெராக்சி அமிலம் அத்தளத்தின் மேலிருந்தோ கீழிருந்தோ அணுகி, இரு கார்பன்களுடனும் ஒரே படியில் ஆக்சிஜனைப் பிணைக்கிறது. ஒரு பிணைப்பு முதலில் உருவாகி மற்றொன்று காத்திருந்தால், கார்பன்கள் இடையில் சுழன்று அமைப்பு குலையலாம். இங்கே அந்த இடைவெளியே இல்லை. ஆகவே சிஸ் ஆல்கீன் சிஸ் எப்பாக்சைடையும், டிரான்ஸ் ஆல்கீன் டிரான்ஸ் எப்பாக்சைடையும் மட்டுமே தரும்.

2-பியூட்டீனில் இது தெளிவாகத் தெரியும். சிஸ் வடிவம் தரும் எப்பாக்சைடில் இரு மெத்தில் தொகுதிகளும் வளையத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆக்சிஜன் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கிடைப்பது ஒரே சேர்மம்தான். அது ஒளிசுழற்றாத மீசோ வடிவம். டிரான்ஸ் வடிவத்தில் மேலிருந்து வந்தால் ஒன்று, கீழிருந்து வந்தால் அதன் கண்ணாடிப் பிம்பம். இரண்டும் சம அளவில் விளைவதால் அந்தக் கலவையும் ஒளியைச் சுழற்றாது.

ஆனால் சிஸ் என்றாலே மீசோ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வட அமெரிக்கக் காடுகளை அழிக்கும் ஜிப்சி அந்துப்பூச்சியின் பெண், ஆணை அழைக்க வெளியிடும் டிஸ்பார்லூர் ஒரு சிஸ் எப்பாக்சைடு. வளையத்தின் இரு புறமும் வெவ்வேறு நீளமுள்ள கார்பன் சங்கிலிகள் இருப்பதால், இதற்கும் இரு பிம்ப வடிவங்கள் உண்டு. சிஸ்-2-மெத்தில்-7-ஆக்டாடெசீனைப் பெராக்சி அமிலத்துடன் வினைப்படுத்தினால் இரண்டும் பாதிப்பாதி கிடைக்கும். ஆண் பூச்சியை ஈர்ப்பது ஒன்று மட்டுமே. மற்றது அந்த ஈர்ப்பைக் குறைக்கிறது.

ஆல்கீனில் டிரான்ஸ் வடிவம் சிறிது கலந்திருந்தால், அது அப்படியே டிரான்ஸ் எப்பாக்சைடாக வந்து நிற்கும். புரோட்டான் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் இதைப் பார்க்கலாம்: வளைய ஹைட்ரஜன்களின் சமிக்ஞை சிஸ்ஸில் 2.9 அருகிலும், டிரான்ஸில் 2.65 அருகிலும் தோன்றும். இன்னொரு தொல்லை, துணை விளைபொருளான குளோரோபென்சாயிக் அமிலம். அது எதிர்ப்பக்கமிருந்து தாக்கச் செய்து வளையத்தைத் திறந்துவிடலாம். சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் அமிலம் அடங்கும், வளையம் தப்பும்.

ஒரு பிம்பத்தை மட்டும் பெறப் பெராக்சி அமிலத்தால் ஆகாது. 1980-இல் ஷார்ப்லெஸ்ஸும் கட்சுகியும் டைட்டானியம், டார்டாரிக் அமில எஸ்டர் துணையுடன் அல்லைல் ஆல்கஹால்களில் அதைச் சாதித்தார்கள். மறு ஆண்டே டிஸ்பார்லூருக்கான எப்பாக்சி ஆல்கஹாலையும் அதே வழியில் தயாரித்தார்கள்.