திரை அணைந்தாலும் பேசும் ரோபோ

1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியைப் போட்டவுடன் ஒரு சின்ன 'பீப்' கேட்டால், உள்ளே எல்லாம் சரி என்று பொருள். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குட்டை ஒலிகளும் கேட்டால், படம் காட்டும் அட்டையில் கோளாறு. அந்தச் செய்தியைத் திரையில் எழுத வழியில்லை, கெட்டுப்போனதே திரைப்பக்கம்தான். அதனால் ஒலிபெருக்கி பேசியது. இன்று கல்லூரி மாணவர்கள் மேசைமேல் செய்துபார்க்கும் சிறு ரோபோக்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

கறுப்பு நாடாவின் மேல் ஓடும் ஒரு ரோபோவை எடுத்துக்கொள்வோம். மூளையாக ஆர்டுயினோ ஊனோ, இரண்டு லித்தியம் பேட்டரிகள், இரண்டு மோட்டார்கள், முன்னால் தடையை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார். மேலே 0.96 அங்குல ஓ.எல்.இ.டி. திரை. அதில் 128-க்கு 64 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் எழுத்து இருட்டிலும் பளிச்சென்று தெரியும். சிறிய எழுத்தில் எட்டு வரிகள் எழுதலாம். ஆனால் ரோபோ இரண்டு மீட்டர் தள்ளி நின்றுவிட்டால் அந்த எட்டு வரிகளில் ஒன்றைக்கூடப் படிக்க முடியாது. அதனால் விவரம் திரைக்கு, அவசரச் செய்தி விளக்குக்கும் பஸ்ஸருக்கும் என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஒரு முறை ஒலித்தால் பேட்டரி இறங்கிவிட்டது. இரண்டு முறை என்றால் கோடு தவறிவிட்டது. மூன்று என்றால் அல்ட்ராசோனிக் சென்சாரிடமிருந்து பதில் இல்லை. நான்கு என்றால் திரை பேசவில்லை. எல்.இ.டி. விளக்கும் அதே கணக்கில் மின்னும். ஒவ்வொரு ஒலியும் 200 மில்லிவினாடி, நடுவே அதே அளவு இடைவெளி, ஒரு சுற்று முடிந்ததும் ஒன்றரை வினாடி அமைதி. அந்த நீண்ட அமைதி இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே தொடங்கியது என்று காதுக்குப் பிடிபடாது. நான்கைந்துக்கு மேல் போனாலும் எண்ணுவது தவறும். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால் திரையில் "E3 SONAR" என்று பெரிய எழுத்தில் நிற்கும்.

இதை எழுதும்போது பலரும் முதலில் செய்யும் பிழை, `delay()` கட்டளை. 200 மில்லிவினாடி ஒலிக்க விட்டுக் காத்திருந்தால், அந்த நேரம் முழுக்க ரோபோ சென்சாரைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதில் `millis()` தரும் நேரத்தை ஒவ்வொரு சுற்றிலும் பார்த்து, ஒலிக்க வேண்டிய கணமா இல்லையா என்று மட்டும் முடிவெடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பஸ்ஸர் வாங்கும்போதும் கவனம் தேவை. மின்சாரம் கொடுத்தவுடன் தானே ஒலிக்கும் வகைதான் இதற்கு எளிது. தானாக ஒலிக்காத வகைக்கு `tone()` வேண்டும். ஊனோவில் அது 3, 11 ஆகிய பின்களின் வேகக் கட்டுப்பாட்டைக் குலைக்கும். மோட்டார் அந்தப் பின்களில் இருந்தால், ஒலி எழும்போதெல்லாம் சக்கரம் தடுமாறும்.

திரையும் நேரத்தைத் தின்னும். முழுப் படத்தையும் ஒரு முறை அனுப்ப, வேகமான தொடர்பிலும் ஏறக்குறைய 25 மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் ரோபோ அதற்குள் இரண்டரை சென்டிமீட்டர் கடந்துவிடும். வழக்கமான கறுப்பு நாடாவின் அகலமே அவ்வளவு இருக்காது. ஆகவே நிலை மாறும்போது மட்டும் திரையைத் திருத்தி எழுதினால் போதும்.

பேட்டரி எச்சரிக்கையில் வேறொரு பொறி இருக்கிறது. நிரம்பிய இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 8.4 வோல்ட் தரும், 6.4-க்குக் கீழே போனால் எச்சரிக்கலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து மீளும். பாதி பேட்டரி மீதமிருக்கும்போதே ஒரு பீப் கேட்டால் காரணம் இதுதான். இரண்டு வினாடி தொடர்ந்து குறைவாக இருந்தால் மட்டும் அறிவி என்று எழுதினால் பொய் எச்சரிக்கை நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றும் கோளாறு திரையிலிருந்தே வரும். மோட்டாரின் மின் இரைச்சல் திரைக்குப் போகும் இரண்டு ஒயர்களில் புகுந்தால், ஆர்டுயினோ பதிலுக்குக் காத்து அப்படியே உறைந்துவிடலாம். திரையில் கடைசியாக எழுதிய "RUN" அப்படியே நிற்கும். சக்கரமோ கடைசி வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க, தொடக்கத்திலேயே `Wire.setWireTimeout(25000, true);` என்று எழுதி, 25 மில்லிவினாடிக்கு மேல் காத்திருக்காதே என்று சொல்லிவிடலாம். காலக்கெடு தாண்டியதா என்று பார்த்து நான்காம் குறியீட்டை எழுப்பலாம். விளக்கும் பஸ்ஸரும் தனித்தனிப் பின்களில் நேராக இணைந்திருப்பதால் அவற்றுக்கு அந்த ஒயர்கள் தேவையில்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. சக்கரங்கள் தரையில் படாதபடி ரோபோவை ஒரு பெட்டிமேல் வைத்து ஓட விட்டு, திரைக்குப் போகும் தரவு ஒயரைத் தரை ஒயரோடு, திரை அடுத்து திருத்தி எழுதப்படும் வரை, தொட்டபடி வைத்திருக்க வேண்டும். நான்கு பீப் கேட்க வேண்டும், சக்கரங்கள் நிற்க வேண்டும். சத்தமே இல்லாமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால், காலக்கெடு வரியை இன்னும் எழுதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.